குவஹாரா ஃபில்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் என் லேபுக்குப் படம் பிரிண்ட் போட வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது ஃபில்டரைத் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஏற்காட்டில் எடுத்த படம் ஆயில் பெயிண்டிங் போல வர வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. போன மாதம் ஒரு தம்பி கொண்டு வந்த காப்பிப் பழப் படத்தைத் திரையில் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன் நான் பண்ணிய அதே தப்பு, அதே மாதிரியான படத்தில்.

ஃபில்டர் செய்கிற வேலை சின்னதுதான். குவஹாராவும் கூட்டாளிகளும் 1976-ல் இதயப் படங்களில் இருந்த இரைச்சலைக் குறைக்கக் கொண்டுவந்த முறை இது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு சதுரம் எடுத்து, அதை நான்கு மூலைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். நான்கிலும் அந்தப் புள்ளி இருக்கும். எந்தக் கட்டத்தில் நிறங்களின் சிதறல் மிகக் குறைவோ, அதன் சராசரிதான் அந்தப் புள்ளியின் புது நிறம். புள்ளி ஓரத்தில் இருந்தால், ஓரத்தைத் தாண்டிப் போகும் கட்டங்களில் இரண்டு பக்க நிறமும் இருப்பதால் அங்கே சிதறல் எகிறிவிடும். அதனால் ஒரே பக்கத்தில் அடங்கிய கட்டம் ஜெயிக்கும். உள்பரப்பு மழுங்கினாலும் ஓரம் கூர்மையாக நிற்பது இதனால்தான்.

மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக ஓட்டுவது

இதுதான் என் காசைக் கரைத்த தப்பு. கருப்புவெள்ளைப் படத்துக்கு எழுதிய ஃபங்ஷனைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை கூப்பிட்டுத் திரும்ப அடுக்கிவிடுவது. எரர் எதுவும் வராது. படமும் வரும். தம்பியும் அதைத்தான் சொன்னான்: "ஓரத்துல பிரஷ்ல கோடு போட்ட மாதிரி வருதுண்ணா, நல்லாத்தானே இருக்கு?" அந்தக் கோடுதான் தப்பு.

அவன் படத்தில் பழத்தின் நிறம் ஏறக்குறைய (190, 40, 45). பின்னால் இருந்த இலை (50, 110, 50). இரண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டம் முழுக்கப் பழம், எதிர்மூலைக் கட்டம் முழுக்க இலை, மற்ற இரண்டும் கலப்பு. பழத்தின் மேல் வெளிச்சம் வழுக்கி விழுவதால் அங்கே சிவப்பின் சிதறல் 140, பச்சையின் சிதறல் 12, நீலத்துக்கு 10. இலையில் நரம்பும் நிழலும் இருப்பதால் பச்சையின் சிதறல் 90, சிவப்புக்கு 15, நீலத்துக்கு 12.

தனித்தனியாக ஓட்டினால் சிவப்பு இலைக் கட்டத்தை எடுக்கும், 50. பச்சை பழக் கட்டத்தை எடுக்கும், 40. நீலமும் பழத்தை எடுக்கும், 45. கிடைப்பது (50, 40, 45). பழத்திலும் இல்லாத, இலையிலும் இல்லாத அழுக்குக் கருப்பு. இது எப்போதோ வருகிற விபத்து இல்லை. ஒரு நிறம் எந்தப் பக்கம் பிரகாசமாக இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அதன் சிதறலும் பெரும்பாலும் அதிகம். ஆகவே ஒவ்வொரு நிறமும் தனக்கு இருட்டான பக்கமாகவே ஒதுங்கும். எதிரெதிர் நிறங்கள் சேரும் ஓரமெல்லாம் கரி பூசிக்கொள்ளும்.

மலைமேல் ஒரு தங்கும் விடுதிக்கு ஆறு கேன்வாஸ் போட்டுக் கொடுத்தேன். திரையில் அந்தக் கோடு எனக்கும் அழகாகத்தான் பட்டது. பெரிசாக்கிச் சுவரில் மாட்டியதும் ஒவ்வொரு பழமும் ஓரம் அழுகியது போல நின்றது. எஸ்டேட்டில் பழம் பறிக்கிற ஓர் அம்மா, "இதென்ன சாமி, நோவு புடிச்ச பழமா?" என்று கேட்டார். ஆறையும் என் செலவில் திரும்பப் போட்டேன்.

கண்டுபிடிப்பது சுலபம். 400 சதவீதம் பெரிதாக்கி, கலர் பிக்கரால் ஓரத்துப் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்றின் நிறம் அங்கே இருக்க வேண்டும். இரண்டிலும் சேராத இருட்டு நிறம் வந்தால் கட்டத்தை மூன்று முறை தேர்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வெளிச்சத்தை மட்டும் வைத்துத் தேர்வது

முதல் தப்பைத் திருத்தப் போய் நான் விழுந்த அடுத்த குழி. படத்தைக் கருப்புவெள்ளையாக்கி, அதில் சிதறல் பார்த்து, ஒரே கட்டத்தைத் தேர்ந்து, மூன்று நிறத்தையும் அங்கிருந்தே எடுப்பது. நிறைய படங்களுக்கு இது போதும். காப்பிப் பழத்துக்குப் போதாது. 0.299, 0.587, 0.114 என்ற வழக்கமான விகிதத்தில் கணக்குப் போட்டால் அந்தப் பழத்தின் வெளிச்சம் 85. இலையின் வெளிச்சமும் 85. கருப்புவெள்ளையில் அங்கே ஓரமே இல்லை. கலப்புக் கட்டத்தை ஒதுக்க ஃபில்டருக்குக் காரணம் கிடைக்காது. அது ஜெயிக்கும் இடமெல்லாம் (120, 75, 48) என்ற சேற்று நிறம் திட்டுத் திட்டாக விழும்.

சரியான வழி, மூன்று நிறத்தின் சிதறலையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் ஒரே ஒரு முறை தேர்வது. மேலே சொன்ன புள்ளியில் பழத்துக்கு 162, இலைக்கு 117. பாதிக்குப் பாதி கலந்த கட்டத்துக்கு 6000-ஐத் தாண்டும். இலை ஜெயிக்கும், புள்ளி சுத்தமான இலைப் பச்சையாகும்.

```python
f = img.astype(np.float32)
m = cv2.boxFilter(f, -1, (5, 5))
v = cv2.boxFilter(f * f, -1, (5, 5)) - m * m
s = v.sum(axis=2)
```

இதில் `s` ஒரே அடுக்கு. சுற்றுச் சதுரம் 9×9. ஒவ்வொரு புள்ளிக்கும் மூலைவாக்கில் இரண்டு புள்ளி தள்ளி நான்கு திசையிலும் `s`-ஐப் பார்த்து, எது சிறியதோ அதே இடத்து `m`-ஐ மூன்று நிறத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

`uint8`-லேயே வர்க்கம் எடுப்பது

255-க்கு மேல் போகாது. முதல் வரியில் `float32` இருப்பது அதற்குத்தான்.

பனிமூட்டத்துக்கும் நான்கு கட்டம்

பகோடா பாயிண்டில் காலையில் எடுத்த மூட்டமான படத்தில் ஓரமே கிடையாது. நான்கு கட்டத்தின் சிதறலும் ஏறக்குறைய ஒன்று. கேமரா இரைச்சல்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு கட்டத்துக்குத் தாவுவதால் பனி சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். பாபரி, பெட்கோவ், காம்பிசி மூவரும் 2007-ல் சொன்ன மாற்றம் இதற்கு நல்ல மருந்து. சதுரத்துக்குப் பதில் வட்டம். அதை எட்டுத் துண்டாக, ஓரங்கள் ஒன்றோடொன்று இழையும்படி வெட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் ஜெயிக்க வைக்காமல், ஒவ்வொரு துண்டுக்கும் அதன் திட்டவிலக்கத்துக்கு, அதாவது சிதறலின் வர்க்கமூலத்துக்கு, தலைகீழாக எடை கொடுத்து எல்லாவற்றையும் கலக்கிறார்கள். திட்டவிலக்கத்தின் அடுக்கு 8 என்று வைத்தால், 2 உள்ள துண்டுக்கு 20 உள்ளதைவிடப் பத்துக் கோடி மடங்கு எடை. ஓரத்தில் அது ஒருவரே ஜெயித்த மாதிரிதான். பனியில் எட்டும் சமம் என்பதால் மென்மையான மழுங்கல் கிடைக்கும். வெளுத்துப்போன வானத்தில் திட்டவிலக்கம் 0 ஆகி வகுத்தல் உடையும். குறைந்தபட்சம் 1 என்று ஒரு தரை வைத்துவிடுங்கள்.

ஃபில்டர் போட்ட பிறகு சிறிதாக்குவது

6000 புள்ளி அகலப் படத்தில் 9×9 போட்டு 1500-க்குக் குறைத்தால், பிரஷ் திட்டெல்லாம் இரண்டு புள்ளிக்குள் ஒடுங்கி மறைந்துவிடும். பிரிண்ட் அளவுக்கு முதலில் கொண்டுவந்து, கடைசியில் ஃபில்டர்.

மெல்லிய கோடுகளை எதிர்பார்ப்பது

கரண்ட் கம்பி, சிலந்தி வலை, தூரத்து முகத்தின் கண். கட்டத்தைவிட மெல்லியது எதுவும் நிற்காது. அந்த இடத்தை மாஸ்க் போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.