புகைப்படத்திலிருந்து குவில்ட்: ஐந்து துணி போதும்

மலையும் ஏரியும் உள்ள ஒரு படத்தை, துணித் துண்டுகளை அடுக்கித் தைக்கும் குவில்ட்டாக்க நினைத்தால், முதலில் போனில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறத்தைவிட வெளிர்-அடர் வித்தியாசம்தான் உருவத்தைக் காட்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வானம், தூரத்து மலை, கிட்டத்து மலை, தண்ணீர், கரை என ஐந்து திட்டுகள் தெரியும். திட்டுக்கு ஒரு துணி.

4க்கு 6 அங்குலப் பிரின்ட்டின் மேல் டிரேசிங் தாளை வைத்து அந்த ஓரங்களை மட்டும் வரையுங்கள். அதில் 1 அங்குலக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் பெரிய தாளில் 6 அங்குலமாக வரைந்தால் 24க்கு 36 அங்குல மாதிரி கிடைக்கும். அதில் 2 அங்குலத்துக்குக் குறைவான துண்டு எதுவும் வேண்டாம். பக்கத்துத் திட்டோடு சேர்த்துவிடுங்கள். இலை, அலை போன்றவற்றைப் பிறகு தையல் கோடுகளாலேயே காட்டலாம்.

வெட்டிய துணிகளில் தூரத்தில் இருப்பதை முதலில் அடுக்குங்கள். வானத்தின் கீழ் ஓரம் அரை அங்குலம் கூடுதலாக இருந்து, மலைக்கு அடியில் போகட்டும். பின்புறம் ஒட்டும் தாள் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுவதானால், மாதிரியை இடவலமாகத் திருப்பி வரையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் துணிகளைப் பரப்பிக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். நீல மலையும் பச்சைக் கரையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், கரைக்கு இன்னும் அடர்ந்த நிறத் துணி தேவை.