கடன் வாங்கிய கம்பெனியின் பங்கு: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாமல் இருக்க

தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "சித்தப்பா, ஆர்ஓஇ முப்பத்தஞ்சுக்கு மேல, பி.இ. நாலுதான். யாருமே கண்டுக்கல பாருங்க." பி.இ. நாலு என்றால், பங்கின் விலை அதன் வருட லாபத்தைப்போல் நாலு மடங்குதான் என்று அர்த்தம். பட்டியலில் முதல் பத்தில் ஆறு கம்பெனிகள் கழுத்து வரை கடனில் இருந்தன. 2022-ல் நான் போட்ட பட்டியலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதில் மேலே நின்ற ஒரு ஸ்பின்னிங் மில்லில் பணத்தைப் போட்டுவிட்டு, இன்னமும் அதை நினைத்து எரிச்சல்படுகிறேன்.

கடன் விகிதத்தைப் பார்க்க வேண்டும், வட்டி கட்ட லாபம் போதுமா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்ஓஇ-யைத் திறமை என்று எடுத்துக்கொள்வது

ஆர்ஓஇ என்பது பங்குதாரர் பணத்தின் மேல் கிடைத்த லாப விகிதம். அதில் மில் ஓட்டும் திறமை எவ்வளவு, கடன் ஊதிக் காட்டியது எவ்வளவு என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. நான் வாங்கிய மில்லையே எடுத்துக்கொள்வோம். எண்களைத் தோராயமாக்கி, வரிக்கு முந்தைய கணக்காகச் சொல்கிறேன்.

மில்லில் போட்ட மொத்தப் பணம் 100 கோடி. பங்குதாரர் பணம் 40, வங்கிக் கடன் 60, வட்டி 8 சதவீதம். பக்கத்திலேயே இன்னொரு மில்: நூல் நூற்கும் கதிர்கள் அதே அளவு, அதே பஞ்சு, அதே நூல். ஆனால் 100 கோடியும் சொந்தப் பணம்.

2021-22 நூல் மில்களுக்கு ராஜயோகம். இரண்டு மில்களும் தேய்மானம் போக, வட்டிக்கு முன் 20 கோடி சம்பாதித்தன. கடனில்லாத மில்லின் ஆர்ஓஇ 20 சதவீதம். என் மில் 4.8 கோடி வட்டி கட்டியது. மீதி 15.2 கோடி, 40 கோடிக்கு 38 சதவீதம். கம்பெனிகளை வடிகட்டிப் பட்டியல் போடும் ஸ்கிரீனரில் எது மேலே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. "இந்த நிர்வாகம் என்னமாய் ஓட்டுகிறது" என்று நண்பர்களிடம் வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிர்வாகம் பக்கத்து மில்லைவிட ஒரு கிலோ நூல்கூடச் சிறப்பாக நூற்கவில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு வரி போதும்:

ஆர்ஓஇ = ஆர்ஓசிஇ + (ஆர்ஓசிஇ − வட்டி விகிதம்) × (கடன் ÷ பங்குதாரர் பணம்)

ஆர்ஓசிஇ என்பது கடனையும் சொந்தப் பணத்தையும் சேர்த்த மொத்தத்தின் மேல் தொழில் சம்பாதிக்கும் விகிதம். நம் கணக்கில் 20 + (20 − 8) × 1.5 = 38. முதல் 20 மில்லுடையது, மீதி 18 கடனுடையது. அடைப்புக்குள் இருக்கும் கழித்தலைக் கவனியுங்கள். தொழில் சம்பாதிப்பது வட்டியைவிடக் குறைந்தால் அது மைனஸ் ஆகும். அப்போதும் அதே 1.5 மடங்கு பெருக்கும்.

அப்படித்தான் ஆனது. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கேண்டிக்கு, அதாவது சுமார் 356 கிலோவுக்கு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியவில்லை, துணி ஆர்டர்கள் குறைந்தன. அதே மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை ஏற்றத் தொடங்கி, 4 சதவீதத்தில் இருந்ததை 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கியது. மில்லின் வட்டியும் 10-க்குப் போனது. வட்டிக்கு முந்தைய லாபம் 20 கோடியிலிருந்து 6 கோடியானது.

6 + (6 − 10) × 1.5 = 0. பக்கத்து மில் 6 சதவீதத்தோடு முனகிக்கொண்டு வருடத்தை ஓட்டியது. என் மில்லில் 38 சதவீதம் பூஜ்யமானது.

எனக்கு இன்னும் எரிவது அடுத்து நடந்ததுதான். வட்டியோடு டெர்ம் லோன் தவணையும் கட்ட வேண்டும். லாபம் பூஜ்யம் என்றாலும் தவணை நிற்காது. கையில் காசில்லாததால், பங்கு விலை அடிமட்டத்தில் இருந்தபோது கம்பெனி புதுப் பங்குகளை, அதை நடத்தும் முதலாளிகளான புரமோட்டர் தரப்புக்கு ஒதுக்கிப் பணம் திரட்டியது. சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனால் மில் நிமிர்ந்தபோது அதில் என் பங்கு முன்பைவிடச் சிறியது. நல்ல காலம் திரும்பியும் என் நஷ்டம் முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது ஒன்று செய்கிறேன். குறைந்தது எட்டு வருட ஆர்ஓசிஇ-யை எழுதி, அதில் மிக மோசமான வருடத்தை எடுத்து, கம்பெனி கட்டும் வட்டி விகிதத்தின் பக்கத்தில் வைக்கிறேன். வட்டிச் செலவைச் சராசரிக் கடனால் வகுத்தால் அந்த விகிதம் கிடைத்துவிடும். மோசமான வருடத்தில் ஆர்ஓசிஇ வட்டிக்குக் கீழே போகும் என்றால், அந்த வருடத் தவணையை எந்தப் பணத்தில் கட்டினார்கள் என்று பணப்புழக்க அறிக்கையில் தேடுவேன். புதுக்கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

பி.இ. நாலு என்றால் மலிவு என்பது

உச்ச லாபத்தை வைத்துப் போட்ட நாலு அது. லாபம் பூஜ்யமானால் பி.இ. என்ன?

நடப்பு மூலதனக் கடனை மறப்பது

மெஷின் வாங்கிய கடன்தான் கடன் என்று நினைத்திருந்தேன். பஞ்சு விலை ஏறினால் அதே அளவு ஸ்டாக் வைக்க அதிகப் பணம் வேண்டும், அது வங்கியின் கேஷ் கிரெடிட்டிலிருந்துதான் வரும். என் மில்லுக்கு இன்னும் 15 கோடி கடன் ஏறியது. அதன் வட்டி 1.5 கோடி, அந்தப் பூஜ்யத்தை நஷ்டமாக்கியது. பிறகு பஞ்சு விலை இறங்கியதும் குடோனில் இருந்த ஸ்டாக்கின் மதிப்பு குறைந்தது. கடன் குறையவில்லை.

பாதி விலைக்கு வந்துவிட்டதே என்று இன்னும் வாங்குவது

நான் வாங்கியபோது சந்தையில் மொத்தப் பங்குகளின் மதிப்பு 60 கோடி, கடன் 60 கோடி. அதாவது மில்லின் விலை 120 கோடி. பங்கு பாதியானதும் "ஐம்பது சதவீதத் தள்ளுபடி" என்று மேலும் வாங்கினேன். மில்லின் விலையைக் கூட்டிப் பார்த்திருந்தால் 30 + 60 = 90. விலை கால்வாசிதான் குறைந்திருந்தது. இன்னொரு 30 கோடி குறைந்தால் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்றையும் அப்போது கவனிக்கவில்லை. முதலில் பங்கு மதிப்புக்குச் சமமாக இருந்த கடன், இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு. விலை இறங்க இறங்க, புதிதாக ஏறிய அந்த 15 கோடியைக் கணக்கில் சேர்க்காமலேயே, என் கையில் இருந்த பங்கு முன்பைவிட ஆபத்தானதாக மாறிக்கொண்டிருந்தது.

கம்பெனி மூழ்கினாலும் ஏதாவது தேறும் என்பது

வீட்டுக்கடன் கம்பெனியான டி.எச்.எஃப்.எல். திவாலாகி 2021-ல் பிரமல் குழுமத்தின் கைக்குப் போனபோது கடன் கொடுத்தவர்களுக்கே முழுசாகக் கிடைக்கவில்லை. பங்குதாரர்களுக்குப் பூஜ்யம்.

நீங்களும் கடன் வாங்கி வாங்குவது

"புரோக்கர் ஆப்பில் பாதிப் பணம் அவங்களே தர்றாங்க, சித்தப்பா" என்றான். சரி, கணக்குப் போடு என்றேன். மில்லின் விலை கால்வாசி குறைந்தால் பங்கு பாதியாகும். பங்கு வாங்கிய பணத்தில் பாதி கடன் என்றால் உன் பணம் மொத்தமும் போச்சு. அதற்கு முன்பே புரோக்கர் விற்றிருப்பார்.