பட்டறை வரலாற்றைத் திருத்திய கதை

கோவை கணபதியில் பெரியப்பாவுக்கு வெட் கிரைண்டர் பட்டறை. அதன் இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கத்தில், "பல்லாண்டுப் பாரம்பரியம் கொண்ட கொங்கு மண்ணின் முன்னணி நிறுவனம்" என்று இருந்தது. பக்கத்துப் பட்டறைக்கும் இதே வரி பொருந்தும்.

அதை மாற்றி எழுத, பட்டறை தொடங்கிய ஆண்டை முதலில் தேடினேன். ஜிஎஸ்டி சான்றிதழில் 2017 என்று இருந்தது. அதை எடுத்திருந்தால் தவறாகியிருக்கும். ஜிஎஸ்டியே 2017 ஜூலையில்தான் வந்தது, பழைய நிறுவனங்களும் அப்போதுதான் அதற்கு மாறின. அப்புறம் பரண்மேல் இருந்த பில் புத்தகங்களை இறக்கினோம். மிகப் பழைய பில் 1994 மார்ச். பெரியப்பாவோ 1991 என்கிறார், காகிதம் இல்லை. அதனால் தொடக்கத்துக்கு "1990களின் தொடக்கத்தில்" என்றும், பில்லுக்கு மட்டும் மாதத்தோடும் எழுதினேன்.

"முன்னணியை எடுத்துட்டா என்ன கண்ணு மிஞ்சும்?" என்று கேட்டார். மிஞ்சியதை வாசித்துக் காட்டினேன்:

"1990களின் தொடக்கத்தில் ஒரு லேத், இரண்டு பேருடன் தொடங்கினோம். எங்களிடம் உள்ள முதல் பில் 1994 மார்ச்சில் பொள்ளாச்சி ஓட்டல் ஒன்றுக்கு விற்ற கிரைண்டருக்கானது. 2024 நிலவரப்படி 14 பேர் வேலை செய்கிறோம்."

கடைசி வரியில் முதலில் "இன்று 14 பேர்" என்றுதான் எழுதியிருந்தேன். மூன்று வருடம் யாரும் தொடாமல் விட்டால் அது பொய்யாகிவிடும், ஆண்டு போட்டால் ஆகாது. பெரியப்பா ஓட்டல் வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.