நிற்கும் சைக்கிளை ஓட வைக்கும்போது காட்டிக்கொடுக்கும் தவறுகள்

ஓடும் சைக்கிளோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் சைக்கிள் தெளிவாக இருக்கும், பின்னணி கோடுகோடாக இழுபடும். இதுதான் பேனிங். நிறுத்திவைத்த சைக்கிளுக்கும் இந்த வேகத்தைக் கணினியில் கொண்டுவரலாம். ஆனால் பின்னணியை மட்டும் கலைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான படங்கள் மாட்டிக்கொள்கின்றன.

சைக்கிளை வெட்டி மேல் லேயரில் வைத்துவிட்டு, கீழே உள்ள முழுப்படத்துக்கும் போட்டோஷாப்பில் Motion Blur அல்லது ஜிம்ப்பில் Linear Motion Blur கொடுப்பதுதான் வழக்கமான முதல் தவறு. கீழே இருக்கும் படத்திலும் சைக்கிள் இருக்கிறதே! அதன் நிறமும் சேர்ந்து இழுபட்டு, ஹேண்டில்பாருக்கு முன்னாலும் சீட்டுக்குப் பின்னாலும் புகைபோல ஒட்டிக்கொள்ளும். கீழ் லேயரில் சைக்கிளே இருக்கக் கூடாது. நிற்கும் வண்டியில் இதற்கு ஒரு வசதி உண்டு: கேமராவை ட்ரைபாடில் வைத்துச் சைக்கிளோடு ஒரு படம், சைக்கிளை நகர்த்திவிட்டுக் காலியான இடத்தை இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் படம் இல்லையென்றால் குளோன் கருவியால் நிரப்பலாம். எப்படியும் கலையப்போவதால் நுணுக்கம் தேவையில்லை. அதே உயரத்தில் இடமும் வலமும் உள்ள நிறத்தை எடுத்தால் சரி.

ஆள் இல்லாத சைக்கிள் ஓடுவதுபோல் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருவரை உட்காரவைத்து, இன்னொருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். பிடித்தவரைப் பிறகு அழிக்கக் காலிப் படம் உதவும். ஸ்டாண்டு போட்டு எடுக்காதீர்கள். இரட்டைக்கால் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாது.

அடுத்து, எவ்வளவு இழுப்பது? கண்ணுக்கு அழகாகத் தெரியும் வரை ஸ்லைடரை நகர்த்துவதைவிடக் கணக்குப் போடுவது நல்லது. கேமராவின் ஷட்டர் 1/30 நொடி திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் அந்த நேரத்தில் சுமார் 18 செ.மீ. நகரும். 1.8 மீட்டர் நீளமுள்ள சைக்கிள் உங்கள் படத்தில் 2,700 பிக்சல் இருந்தால், 18 செ.மீ. என்பது 270 பிக்சல். Distance அல்லது Length கட்டத்தில் இதைப் போட்டுத் தொடங்கலாம். Angle கட்டத்தில் இரு சக்கர அச்சுகளையும் இணைக்கும் கோட்டின் சாய்வு வர வேண்டும்.

தூரத்து மரத்துக்குக் குறைவாகவும் பக்கத்துத் தரைக்கு அதிகமாகவும் இழுக்கச் சொல்பவர்கள் உண்டு. கூடவே ஓடும் இன்னொரு வண்டியிலிருந்து எடுத்தால் அது சரி. சாலையோரம் நின்று கேமராவைத் திருப்பும்போது, அசையாத எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இழுபடும். டயருக்கு அடியில் இருக்கும் தார் சாலையும் அதில் சேர்த்தி. அங்கே கூர்மையான ஜல்லி தெரிந்தால் அத்தனையும் வீண். ஆனால் நிழல் சைக்கிளோடு சேர்ந்து ஓடுவது, அதன் வடிவம் கலையாது. அதனால் கலைந்த தரைக்கு மேல் Multiply லேயரில் நிழலைத் தனியாக வையுங்கள்.

அதிக நேரம் கேட்பது சக்கரம். ஸ்போக்ஸ் கம்பிகள் எண்ணும்படி தெரிந்தால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர், 18 செ.மீ. போவதற்கு அது ஏறக்குறைய 31 டிகிரி சுழலும். ஜிம்ப்பின் Circular Motion Blur-இல் மையத்தை அச்சின் மேல் வைத்து 31 கொடுக்கலாம். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: கம்பிகளுக்கு இடையே தெரியும் பழைய சுவரும் சேர்ந்து வட்டமாகச் சுழன்றுவிடும். டயரையும் ரிம்மையும் மட்டும் சுழற்றிவிட்டு, நடுப்பகுதியை வெட்டி எறிந்து, கீழே உள்ள கலைந்த பின்னணி தெரியும்படி விடுங்கள். 36 கம்பிச் சக்கரத்தில் கம்பிகள் 10 டிகிரிக்கு ஒன்றாக இருப்பதால், 31 டிகிரி சுழற்சியில் எந்தக் கம்பியும் தனியாகத் தெரியாது, மெல்லிய சாம்பல் மூட்டம்தான் இருக்கும். அதைப் புது லேயரில் பிரஷ்ஷாலேயே வரைந்துவிடலாம்: அச்சின் அருகே அடர்த்தியாக, ரிம்மை நோக்கிப் போகப்போக மங்கலாக. மட்கார்டும் முன்பக்க ஃபோர்க்கும் சுழலாதவை, அவை மூட்டத்துக்கு மேலே கூர்மையாக நிற்க வேண்டும்.

இந்த வட்டக் கலைப்பு, சக்கரம் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் பொருந்தும். சைக்கிளைச் சாய்கோணத்தில் எடுத்தால் சக்கரம் நீள்வட்டமாகிவிடும், அப்புறம் மல்லுக்கட்ட வேண்டியதுதான். எடுக்கும்போதே நேர் பக்கவாட்டில், அச்சு உயரத்தில் நின்று, ஹேண்டில்பாரை நேராக வைத்து எடுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மிதிக்காமல் உருட்டிக்கொண்டு போகும் நிலை அது, அதனால் காலையும் செயினையும் கலைக்கும் வேலை மிச்சம்.