‘கொள்ளிடம்’ என்ற சொல்லை வைத்து எழுத்துமுறையின் ஆழத்தை அளப்பது எப்படி?

தமிழ், கன்னடம், தேவநாகரி, சிங்களம், எத்தியோப்பிய எழுத்து ஆகியவற்றை ‘அபுகிடா’ என்ற ஒரே வகையில் சேர்ப்பது இன்று ஆய்வாளர்களின் வழக்கம். எழுத்துமுறை ஆய்வாளர் பீட்டர் டேனியல்ஸ் 1990-இல், எத்தியோப்பிய எழுத்து வரிசையிலிருந்து எடுத்து இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். உயிர்மெய் என்ற பெயரோடு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை என்று தோன்றலாம்; ஆனால், குழந்தைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தால், நாம் கவனிக்காமல் கடந்துவிடும் சில நுட்பங்கள் கணக்கையே மாற்றிவிடும். மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் சீர்காழிக்கு அடுத்து வரும் கொள்ளிடம் என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்து ஒலியை அறிவது எவ்வளவு கடினம் என்ற ‘ஆழத்தை’ப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எழுத்தையும் ஒலியையும் தனித்தனியே எண்ணுங்கள்

‘கொள்ளிடம்’ என்று ஒரு தாளில் எழுதி, எழுத்துகளுக்கு இடையே கோடு இடுங்கள்: கொ, ள், ளி, ட, ம். எழுத்து ஐந்து. அடுத்த வரியில் ஒலிகளைப் பிரித்தால் க், ஒ, ள், ள், இ, ட், அ, ம் என்று எட்டு வரும். இனி ஒவ்வொரு எழுத்தின் கீழும் அதற்குரிய ஒலிகளை வைத்துப் பாருங்கள். ‘ட’ என்பதில் எந்தக் குறியும் இல்லை. ஆனால் இரண்டு ஒலிகள் இருக்கின்றன. ‘ம்’ என்பதில் புள்ளி கூடுதலாக இருக்கிறது. ஆனால் ஒலி ஒன்றுதான். மெய்யோடு அகரம் தானாகவே சேர்ந்து நிற்பதும், அதை நீக்குவதற்குத் தனியாக ஒரு குறி தேவைப்படுவதும்தான் நம் எழுத்துமுறையின் அடித்தளம். ஆங்கில எழுத்தில் ஒலி கூடினால் பெரும்பாலும் எழுத்தும் கூடும். இங்கே ஒலி குறையும்போது மை கூடுகிறது.

கணினி இதை இன்னொரு விதமாக எண்ணும்.

```python
import unicodedata as u
s = "கொள்ளிடம்"
print(len(u.normalize("NFC", s)))  # 9
print(len(u.normalize("NFD", s)))  # 10
```

கொகரத்தின் குறியை ஒரே குறியாகக் கொண்டால் ஒன்பது. ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்துக் கொண்டால் பத்து. சொல்லின் நீளத்தை வைத்து வாசிப்புத் தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், நான்கு எழுத்துடைய ‘பட்டம்’ என்ற சொல்லையும் நான்கு எழுத்துடைய ‘கடிதம்’ என்ற சொல்லையும் எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாமல் போகும். நீளத்தை எழுத்துக் கணக்கில் சொல்லுங்கள். ஒலிக் கணக்கை அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கண் போகும் வரிசையைக் கவனியுங்கள்

‘கொ’ என்பதில் கண் முதலில் கொம்பையும், பிறகு ககரத்தையும், கடைசியில் காலையும் சந்திக்கிறது. வாயோ ககர மெய்யில் தொடங்கி ஒகரத்தில் முடிக்கிறது. புதிதாகப் படிக்கும் குழந்தை கால் வரைக்கும் காத்திருக்காமல் ‘கெ’ என்று தொடங்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். ஔகாரத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு: ‘வௌவால்’ என்பதை அச்சில் பார்த்தால், ‘வெ’ போட்டு ‘ள’ எழுதியதிலிருந்து வேறுபடுத்துவது கடினம். தேர்வுத்தாளில் ஔகாரச் சொற்களைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அங்கே நேரும் பிழை குழந்தையுடையதா எழுத்துருவுடையதா என்று சொல்ல முடியாது.

படி 3: ஆழத்தைச் சோதியுங்கள்

எழுத்தைப் பார்த்தவுடன் ஒலி உறுதியாகத் தெரிந்தால் அந்த எழுத்துமுறை ஆழம் குறைந்தது. சொல்லைத் தெரிந்திருந்தால்தான் ஒலி தெரியும் என்றால் ஆழமானது. இந்த வேறுபாடு படிக்கும் முறையையே மாற்றும் என்ற கருதுகோளைக் கட்ஸும் ஃப்ராஸ்டும் 1992-இல் விளக்கினர். 2003-இல் சீமோரும் உடன் ஆய்வாளர்களும் 13 ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டபோது, முதலாண்டு முடிவில் பின்னிஷ், கிரேக்கம், ஜெர்மன் பேசும் குழந்தைகள் பழக்கமான சொற்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் படிக்க, ஆங்கிலக் குழந்தைகள் ஏறத்தாழ 34 விழுக்காட்டில் நின்றனர்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘கொள்ளிடம்’ என்று சொல்லுங்கள்; டகரத்தில் அதிர்வு நிற்காது. ‘பட்டம்’ என்று சொன்னால் நடுவில் நின்றுவிடும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ஆனாலும் இரு உயிர்களுக்கு இடையே அதிரும், இரட்டித்தால் அதிராது என்ற விதி இருப்பதால் இதை ஆழம் என்று சொல்ல இயலாது. ‘பாபநாசம்’ என்ற பெயரில் முதல் பகரமும் இரண்டாம் பகரமும் வேறு வேறாக ஒலிப்பதும் இதே விதிப்படிதான். விதி உடைவது இரவல் சொற்களில்: ‘பஸ்’ என்பதன் பகரம் சொல்லின் முதலிலேயே அதிர்கிறது. பாட்டி சொல்லும் கதையும் பீமன் கையில் உள்ள கதையும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டாலும் முதல் ஒலி வேறு. தமிழின் ஆழம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

படி 4: ஆழம் வகையைச் சார்ந்ததா, வழக்கைச் சார்ந்ததா?

அபுகிடா என்றாலே ஆழம் குறைந்தது என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. இந்தியில் க, ம, ல என்று மூன்று எழுத்துகளை எழுதி ‘கமல்’ என்று படிக்கிறார்கள். இறுதி அகரம் இருப்பதும் இல்லாததும் படிப்பவரின் மொழியறிவைப் பொறுத்தது. அந்த இடத்தில் தமிழுக்குப் புள்ளி இருக்கிறது.

அந்தப் புள்ளியும் எப்போதும் இடப்பட்டதில்லை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வடிவத்தில் பிரிவதும் இல்லை. அந்த வழக்கப்படி எழுதினால் நம் சொல் ‘கொளளிடம’ என்று நிற்கும். அதைக் கொகரமாகப் படிப்பதா கோகாரமாகப் படிப்பதா, எந்த ளகரத்தில் அகரத்தை நீக்குவது என்பதையெல்லாம் சொல்லை அறிந்தவர்தான் தீர்மானிக்க முடியும். நெடிலுக்கு இன்றுள்ள இரட்டைக் கொம்பு, 18-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் சீர்திருத்தமாகச் சொல்லப்படுகிறது. எழுத்துமுறையின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஆழம் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ஆய்வறிக்கையில் ‘அபுகிடா’ என்பதை ஆழத்தின் அளவாகப் பயன்படுத்தக் கூடாது. எந்தக் குறிகள் எழுதப்படுகின்றன என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும்.

படி 5: எழுத்தின் எண்ணிக்கையைத் தனியே அளக்கவும்

ஆழம் குறைந்த ஐரோப்பிய மொழிகளில் பிழை விரைவிலேயே அரிதாகிவிடுவதால், ஆய்வாளர்கள் வேகத்தை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கன்னட ஆய்வில், குழந்தைகள் எழுத்துகளைக் கற்பது நான்காம் வகுப்பிலும் முடியவில்லை என்று காட்டினார். கன்னடமும் ஆழம் குறைந்ததுதான். தாமதத்துக்குக் காரணம் எழுத்துகளின் பெருக்கம். கூட்டெழுத்து குறைவு என்பதால் தமிழில் சுமை சற்றுக் குறையும் என்றாலும், 247 எழுத்துகளில் பல குழந்தையின் கண்ணில் அரிதாகவே படுகின்றன.

எனவே பிழைகளை ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள். ‘கெள்ளிடம்’ என்று படித்தால் அது குறிவரிசைப் பிழை. ‘கொளளிடம்’ என்றால் புள்ளியை விட்ட பிழை. ‘கொள்ளிட்டம்’ என்றால், ஒலிப்பு விதி இன்னும் படியவில்லை. முதல் இரண்டும் எழுத்தமைப்பைச் சேர்ந்தவை. மூன்றாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான விதியைச் சேர்ந்தது.

‘வாழைப்பழம்’ என்ற சொல்லை ‘வாளப்பளம்’ என்று படிக்கும் குழந்தைக்கு உடனே பிழை போட வேண்டாம். அந்தப் பழத்தைக் காட்டிப் பெயர் கேளுங்கள். அப்போதும் ‘வாளப்பளம்’ என்றே சொன்னால் அது வீட்டுப் பேச்சு. வாசிப்புக் கணக்கில் அதைச் சரி என்று குறித்து, ஓரத்தில் ‘பேச்சு’ என்று எழுதிவையுங்கள்.