கேப் டேபிளில் நிறுவனர்கள் தவறவிடும் கணக்குகள்

முதலீட்டாளருக்குத் தரும் பங்குகள் நிறுவனர் வைத்திருக்கும் பங்குகளிலிருந்து எடுக்கப்படுவதில்லை. நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடுகிறது. மொத்த எண்ணிக்கை கூடுவதால் நிறுவனரின் விகிதம் குறைகிறது. யாரிடம் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று காட்டும் அட்டவணைதான் கேப் டேபிள். ஆகவே சதவீதத்தை மட்டும் எழுதிவைத்திருக்கும் கேப் டேபிள் போதாது, பங்குகளின் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கடல்பாசியைப் பிழிந்து திரவ உரம் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எண்ணிக்கொள்வோம். அக்காளும் தம்பியும் அதன் நிறுவனர்கள். சீட் என்னும் முதல் முதலீட்டுச் சுற்றிலும் அடுத்து வரும் சீரிஸ் ஏ சுற்றிலும் அவர்களுடைய கேப் டேபிள் இப்படி மாறுகிறது:

| பங்குதாரர் | தொடக்கம் | சீட் சுற்றுக்குப் பின் | சீரிஸ் ஏ சுற்றுக்குப் பின் |
|---|---|---|---|
| அக்கா | 4,200 (60%) | 4,200 (42%) | 4,200 (29.4%) |
| தம்பி | 2,800 (40%) | 2,800 (28%) | 2,800 (19.6%) |
| ஆப்ஷன் பூல் | – | 1,000 (10%) | 2,429 (17%) |
| சீட் முதலீட்டாளர் | – | 2,000 (20%) | 2,000 (14%) |
| சீரிஸ் ஏ முதலீட்டாளர் | – | – | 2,857 (20%) |
| மொத்தம் | 7,000 | 10,000 | 14,286 |

சீட் சுற்றில் முதலீட்டாளர் 2 கோடி ரூபாய் தருகிறார். முதலீட்டுக்கு முந்தைய மதிப்பான ப்ரீ-மணி 8 கோடி என்று, முதலீட்டு நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் டெர்ம் ஷீட்டில் உள்ளது. இருவரும் தங்கள் 7,000 பங்குகளின் மதிப்பு 8 கோடி என்று நம்பிவிடுவதுதான் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு. ஊழியர்கள் பின்னர் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமையான ஆப்ஷன்களுக்கு ஒதுக்கிவைக்கும் ஆப்ஷன் பூல் முதலீட்டுக்குப் பிந்தைய மொத்தத்தில் 10% இருக்க வேண்டும் என்றும், அது ப்ரீ-மணியிலேயே அடங்கும் என்றும் அதே ஆவணத்தில் வேறோர் இடத்தில் ஒரு வரி இருக்கும். அதன்படி 8 கோடி என்பது 7,000 பங்குகளுக்கு அல்ல, பூலையும் சேர்த்த 8,000 பங்குகளுக்கு உரியது. ஒரு பங்கின் விலை 10,000 ரூபாய் ஆகிறது. நிறுவனர்களின் பங்குகள் உண்மையில் 7 கோடிக்குத்தான் மதிப்பிடப்பட்டுள்ளன. பூலுக்கான 10 சதவீதம் முழுவதும் அவர்கள் பக்கமிருந்தே போகிறது, புதிய முதலீட்டாளரின் 20 சதவீதத்தை அது தொடுவதில்லை.

இந்த இடத்தில் மதிப்பை உயர்த்தக் கேட்பதைவிடப் பூலின் அளவைப் பேசுவதே பெரும்பாலும் எளிது என்பது என் கருத்து. அதற்கு அடுத்த சுற்று வரை யாரை வேலைக்கு எடுப்போம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். மூங்கில் மிதவைகளில் பாசி வளர்த்துக் கிலோக் கணக்கில் விற்பவர்களுக்கு ஆப்ஷன் கிடையாது. ஆய்வகப் பொறுப்பாளர், உற்பத்தி மேலாளர், விற்பனைத் தலைவர் என்று மூவருக்குத்தான் தேவை என்றால், 5% போதும் என்று காட்டிவிடலாம். அப்போது நிறுவனர்களிடம் 70 சதவீதத்துக்குப் பதில் 75% நிற்கும்.

சீரிஸ் ஏ சுற்றில் புதிய முதலீட்டாளர் 40 கோடி ப்ரீ-மணியில் 10 கோடி தருகிறார். முதல் பூல் முழுவதும் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால் மேலும் 10% பூலைக் கேட்கிறார். இங்கே 70 சதவீதத்திலிருந்து 20, 10 ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சுவது 40% என்று பலர் அஞ்சுகிறார்கள். விகிதம் கழிபடுவதில்லை, பெருக்கப்படுகிறது: புதிய 30% போகப் பழைய பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து 70% மிஞ்சுகிறது, நிறுவனர்களுக்கு அந்த 70 சதவீதத்தில் 70%, அதாவது 49%. பிழையான அச்சத்தால் தேவைக்கும் குறைவாகப் பணம் வாங்கி, வடகிழக்குப் பருவக்காற்றில் மிதவைகள் சேதமாகும் மாதங்களில் கையிருப்பு இல்லாமல் நிற்பதும் ஒரு நட்டமே.

அக்காவின் பங்குகள் 4,200 ஆகவே இருக்கின்றன. புதிய விலை 35,000 ரூபாய் என்பதால் அவருடைய பங்குகளின் ஏட்டு மதிப்பு 4.2 கோடியிலிருந்து 14.7 கோடிக்கு ஏறியிருக்கிறது. அது ஏட்டு மதிப்பு மட்டுமே. முதலீட்டாளர்கள் போட்ட தொகையை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால், நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கப்படும்போது கேப் டேபிள் காட்டும் விகிதத்தில் பணம் பிரியாது.

மேலே உள்ள 49% முழுமையாக நீர்த்த கணக்கு. ஆப்ஷன்கள் எல்லாம் பங்குகளாக மாறிவிட்டதாக வைத்துப் போடுவது. வாக்குரிமையையும் இதே எண்ணால் அளப்பது அடுத்த தவறு. இன்னும் பங்காக மாறாத ஆப்ஷனுக்கு வாக்கு இல்லை. முதலீட்டாளர்களுக்குப் பங்குக்கு ஒரு வாக்கு என்று ஒப்பந்தம் இருந்தால், வெளியிடப்பட்ட 11,857 பங்குகளில் நிறுவனர்களின் 7,000 பங்குகள் ஏறத்தாழ 59% வரும். இன்றைக்குச் சாதாரணத் தீர்மானத்தை அவர்களால் நிறைவேற்ற முடியும். எதிர்வாக்குகளைப் போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு வாக்குகளை 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் கேட்கும் சிறப்புத் தீர்மானத்தை அவர்களால் மட்டும் நிறைவேற்ற முடியாது. ஊழியர்கள் ஆப்ஷன்களைப் பங்குகளாக மாற்ற மாற்ற, அந்த 59% மெல்ல 49 சதவீதத்தை நோக்கி இறங்கும். ஆகவே கேப் டேபிளில் முழுமையாக நீர்த்த விகிதத்துக்கும் வெளியிடப்பட்ட பங்குகளின் விகிதத்துக்கும் தனித்தனிப் பத்திகள் வைத்து, டெர்ம் ஷீட்டில் கையெழுத்திடும் முன்பே இரண்டையும் நிரப்பிப் பார்க்க வேண்டும்.