படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறதா? காதுக்குள் நழுவிய கல்லைத் திருப்பி அனுப்பும் முறை

விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தால் மனசு கெட்டதைத்தான் நினைக்கும். "டேய், வலப்பக்கம் புரண்டு படுத்தேன், கட்டிலே கவிழ்ந்துடுச்சுடா. அசையாம கிடந்தா நின்னுடுது. பாத்ரூம் போகலாம்னு எழுந்தா மறுபடியும் ஒரு சுத்து." நான் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றலோடு வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் அந்த இரண்டு வரியைக் கேட்டதுமே பாதி தெரிந்துவிட்டது. வீட்டில் மற்றவர்கள் அதற்குள் பித்தம் என்று முடிவு கட்டி இஞ்சிச் சாறு கொடுத்திருந்தார்கள். பி.பி. பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது.

புரளும்போது மட்டும் சுற்றுவது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவது, அசையாமல் இருந்தால் ஒன்றுமே இல்லாமல் இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் கல் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். "காதுல கல்லா?" என்று எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் நிஜமாகவே கல்தான், கால்சியம் கார்பனேட். கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சலும் முட்டை ஓடும் எதனால் ஆனவையோ அதே பொருள், கண்ணுக்குத் தெரியாத அளவில். குளிக்கும்போது காதுக்குள் புகுந்த மண் இல்லை, பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் உள்காதில் இருப்பது.

அது இருக்க வேண்டிய இடம் ஒரு சின்னப் பை. அதற்குள் நுங்கு மாதிரி ஒரு படலம், அதன்மேல் கற்கண்டுத் தூளைத் தூவினாற்போல இந்தக் கற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைச் சாய்த்தால் கல்லின் எடை படலத்தை இழுக்கும், எது மேல் எது கீழ் என்று மூளை தெரிந்துகொள்ளும். பக்கத்திலேயே வளையல் போல வளைந்த மூன்று குழாய்கள், உள்ளே நீர். தலை திரும்பும்போது நீர் பின்தங்கி, குழாயின் ஒரு இடத்தில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் தள்ளும், "தலை திரும்புகிறது" என்ற செய்தி போகும். பை எடையை உணர, குழாய் சுழற்சியை உணர என்று வேலை பிரித்து வைத்திருக்கிறது. குழாய்க்குள் கல்லுக்கு வேலையே இல்லை.

வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, நோயில் பல நாள் படுத்தே கிடந்தாலோ சில கற்கள் படலத்திலிருந்து உதிர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள்தான், ஏனென்றால் அதுதான் தாழ்ந்த இடம். இனி என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் டியூபில் ஒரு முழம் வெட்டி, தண்ணீர் நிரப்பி, நாலைந்து மணல் துகள் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து வளைத்துப் பாருங்கள். டியூபைத் திருப்பியவுடன் மணல் விழாது, ஒரு கணம் தயங்கும், அப்புறம் சரியும், அடியில் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடும். காதுக்குள்ளும் அப்படியே. கல் சரியும்போது நீரையும் சேர்த்துத் தள்ளுகிறது, தடுப்பு வளைகிறது, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகிறது. புரண்ட சில விநாடி கழித்துச் சுற்றல் ஆரம்பிப்பதும், கல் கீழே சேர்ந்ததும் தானாகவே நிற்பதும் இதனால்தான்.

தலைசுற்றலுக்கென்று தரும் மாத்திரை குமட்டலைக் குறைக்கும், தூக்கம் வரவைக்கும். கல்லை அது அசைக்காது. இரண்டு வாரம் மாத்திரை போட்டும் புரண்டால் சுற்றுகிறது என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு தடுப்புக் கோடு. பேச்சு குழறுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, முகம் கோணுவது, கை கால் வலுவிழப்பது, நடக்கவே முடியாமல் தள்ளுவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, அசையாமல் இருந்தும் மணிக்கணக்கில் நிற்காத சுற்றல், இவற்றில் ஒன்று இருந்தாலும் இது கல் விவகாரமாக இல்லாமல் இருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்து எலும்பில் பிரச்சினை, கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு, விழித்திரை ஆபரேஷன் ஆன புதிது என்றால் வீட்டில் செய்யவே வேண்டாம். மற்றவர்களும் முதல் தடவை ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ, இதில் பழகிய பிசியோதெரபிஸ்டிடமோ காட்டி உறுதி செய்துகொண்டு, அப்புறம் வீட்டில் செய்வதுதான் நல்லது.

முதல் வேலை, எந்தக் காது என்று கண்டுபிடிப்பது. இதில் தப்பினால் மீதி எல்லாம் வீண். பெரியம்மாவைக் கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்தேன், படுத்தால் தோளுக்கு அடியில் வருகிற மாதிரி தலையணையைப் பின்னால் போட்டேன். தலைக்கு அடியில் இல்லை, தோளுக்கு அடியில், அப்போதுதான் தலை கொஞ்சம் பின்னுக்குத் தொங்கும். சந்தேகம் வலப்பக்கம்தான், ஆனால் நான் இடப்பக்கத்தில் ஆரம்பிப்பேன், சுற்றல் வந்து குமட்ட ஆரம்பித்தால் அடுத்த பக்கத்துக்கு ஆள் ஒத்துழைக்க மாட்டார். முகத்தை இடப்பக்கம் 45 டிகிரி, அதாவது நேர்ப்பார்வைக்கும் தோளுக்கும் நடுவே, திருப்பி அப்படியே சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தேன். அரை நிமிடம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. எழுப்பி உட்காரவைத்து, வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணினேன். "ஐயோ புடிடா" என்று என் கையை இறுக்கினார்.

அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடத்தான் தோன்றும், ஆனால் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாட்சி கண்ணில்தான் இருக்கிறது. கருவிழி நெற்றிப் பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது, கூடவே கீழே இருந்த வலது காதுப் பக்கம் திருகியது. இருபது விநாடியில் அடங்கியது. எழுப்பி உட்காரவைத்தபோது மறுதிசையில் லேசாக ஒரு சுற்று. வலது காது, பின்பக்கக் குழாய், சந்தேகமே இல்லை. உடன் இருப்பவர் போனில் கண்ணை வீடியோ எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

இனி கல்லைத் திருப்பி அனுப்பும் வேலை. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் எப்ளி என்ற காது மருத்துவர். தலையை உருட்டி நோயைச் சரிசெய்வதா என்று சக மருத்துவர்கள் பல வருடம் நம்பவில்லை, அவருடைய கட்டுரை 1992-ல்தான் வெளியானது. யோசனை எளிது: வளைந்த டியூபைக் கட்டம் கட்டமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் மணல் வந்த வழியே வெளியே உருளும். கீழே சொல்வது வலது காதுக்கு. இடது காது என்றால் எல்லாத் திசையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நிலை, கட்டிலின் இடது விளிம்புக்கு அருகில் உட்கார்ந்து, முகத்தை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, தலையணை தோளுக்கு அடியில் வரும்படி மல்லாக்கப் படுப்பது. சுற்றும், சுற்றட்டும். நின்ற பிறகும் ஒரு 30 விநாடி அப்படியே இருங்கள், கல் அடியில் சேர நேரம் வேண்டும்.

இரண்டாம் நிலை, தலையைத் தூக்காமல், அதே தொங்கலோடு, முகத்தை இடப்பக்கம் திருப்புவது. வலப்பக்கம் 45-ல் இருந்த முகம் இப்போது இடப்பக்கம் 45-க்கு வர வேண்டும், மொத்தம் 90 டிகிரி. மறுபடி 30 விநாடி. பெரும்பாலானவர்கள் இங்கேதான் கெடுக்கிறார்கள், திருப்பும்போது தலையைத் தூக்கிவிடுவார்கள், பாதி தூரம் வந்த கல் பின்னால் சரிந்துவிடும்.

மூன்றாம் நிலை, உடம்பையே இடப்பக்கம் ஒருக்களித்து, தலையை அதோடு சேர்த்து இன்னும் 90 டிகிரி திருப்புவது. இப்போது மூக்கு தரையைப் பார்க்க வேண்டும், சுவரை இல்லை. தொலைந்த கம்மலைக் கட்டிலுக்கு அடியில் தேடுகிற மாதிரி என்று பெரியம்மாவிடம் சொன்னேன், உடனே சரியாகத் திரும்பினார். இங்கே மறுபடி கொஞ்சம் சுற்றினால் பயப்பட வேண்டாம், கல் நகர்கிறது. 30 விநாடி.

நான்காம் நிலை, முகவாயை மார்போடு ஒட்டி, இரண்டு காலையும் இடது விளிம்பில் தொங்கவிட்டபடி மெதுவாக எழுந்து உட்காருவது. இந்த இடத்தில் திடீரென்று முன்னாலோ பின்னாலோ யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும், அதனால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். தனியாக இருக்கும்போது முதல் முறை செய்யாதீர்கள் என்று நான் சொல்வது இந்த ஒரு நொடிக்காகத்தான். உட்கார்ந்த பிறகு பத்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டாம்.

அன்று இரண்டு தடவை செய்தோம், நடுவே கால் மணி நேர இடைவெளி. இரண்டாவது தடவை படுக்கவைத்தபோதே சுற்றல் பாதியாகியிருந்தது. மறுநாள் வலப்பக்கம் சோதித்தபோது கண் அசையவே இல்லை. அப்புறமும் ஒரு வாரம் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றார், அது வழக்கம்தான், அதற்காகத் திரும்பத் திரும்ப உருட்ட வேண்டியதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், கழுத்துப் பட்டை போட வேண்டும் என்று முன்பு சொல்வார்கள், இப்போது அதற்கு அவசியம் இல்லை என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

சரியாகவில்லை என்றால்? முதலில் காது மாறிவிட்டதா, இரண்டாம் நிலையில் தலை தூக்கினீர்களா என்று பாருங்கள். மல்லாக்கப் படுத்து தலையை வலம், இடம் என்று எந்தப் பக்கம் திருப்பினாலும் பலமாகச் சுற்றி, கண் மேலே போகாமல் பக்கவாட்டில் வெட்டினால் கல் படுக்கைவசக் குழாயில் இருக்கிறது, அதற்கு உருளும் விதமே வேறு, இந்த நான்கு நிலையும் வேலைக்கு ஆகாது. சில சமயம் பின்பக்கக் குழாயிலிருந்து வெளியே வந்த கல்லே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கண் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரிடம் போய்விடுங்கள்.

கல் திரும்பவும் உதிரலாம், பலருக்கு உதிர்கிறது. விட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று கொரியாவில் செய்த ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் அடிக்கடி வந்தால் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பெரியம்மாவுக்கு எட்டு மாதம் கழித்து வந்தது, அதே விடியற்காலைப் போன். "வலதுதான்டா, நாலு எண்ணினேன், அப்புறம்தான் சுத்துச்சு. தலையணையை இறக்கிப் போட்டாச்சு, உன் தம்பி தோளைப் புடிச்சுக்கிறான். மூணாவதுல கம்மல் தேடணும், இல்ல?"